‘சக்கிள்’ என்பதற்குத் தமிழில் என்ன வைக்கலாம்?

கவிதா, அஸ்தம்பட்டி:
கதை எழுதுகிறவர்களுக்காக ஆங்கிலச் சிரிப்புச் சொற்களுக்குத் தமிழ்ச் சொற்களைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். கிகிளுக்குக் களுக்கென்று சிரிப்பது, ஸ்னிக்கருக்கு நமட்டுச் சிரிப்பு, கஃபாவுக்கு வெடிச்சிரிப்பு என்று ஒருவாறு போட்டாயிற்று. சக்கிள்தான் உதைக்கிறது. சத்தம் தொண்டையைத் தாண்டாமல், பெரும்பாலும் தனக்குத்தானே சிரிப்பது. ‘குறுஞ்சிரிப்பு’ சரிவருமா?

சரவணன், ஆத்தூர்:
குறுநகை இருக்கும்போது புதிதாக எதற்கு? தொல்காப்பியத்திலேயே எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நகையை நான்காகப் பிரித்துவிட்டார்களே.

துரைசாமி, ஏற்காடு:
தம்பி சொன்னது பாதி சரி. அந்த நான்கும் சிரிப்பு எதனால் பிறக்கிறது என்பதற்கு. எப்படிக் கேட்கிறது என்பதற்கு அல்ல. குறுநகையில் சத்தமே கிடையாது, சக்கிள் காதில் விழ வேண்டும்.

என்னைக் கேட்டால், பெயர்ச்சொல் தேடுவதற்கு முன்னால் துணைவினையைப் பார்க்கலாம். இங்கே காபித் தோட்டத்தில் பழம் எடை போடுகிறார்கள் என்று வையுங்கள். மேஸ்திரி ‘பதினெட்டு கிலோ’ என்கிறார். இருபதுக்குக் குறையாது என்று கூடை சுமந்து வந்த பாட்டிக்குத் தெரியும். ‘சிரித்துக்கொண்டாள்’ என்று எழுதினால் அவள் மனதில் ஏதோ கணக்கு ஓடுகிறது. ‘சிரித்துவைத்தாள்’ என்றால் நாளைக்கும் வேலை வேண்டுமே என்ற பயம். ‘இளித்தாள்’ என்றால் எழுதுகிறவருக்கே அவள்மேல் மதிப்பில்லை. சக்கிளுக்கு முதலாவதுதான் கிட்டே வருகிறது. ‘தொண்டைக்குள் சிரித்துக்கொண்டாள்’ என்றால் சத்தமும் வந்துவிடும். பெயர்ச்சொல்தான் வேண்டுமென்றால் ‘தொண்டைச்சிரிப்பு’.

களுக் பற்றியும் ஒன்று. களுக்கென்று சிரிப்பது சட்டென வந்து சட்டென நிற்பது. கிகிள் அடக்க அடக்க மறுபடி வரும், அதனால் ‘களுக் களுக்கென்று’ என்று இரட்டித்து எழுதுங்கள். ‘அவன் கொல்லென்று சிரித்தான்’ என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். கொல்லென்று சிரிக்க ஒரு வகுப்பறையாவது வேண்டும்.

பாக்கியம், செவ்வாய்ப்பேட்டை:
எங்க மாமனார் பேப்பர் படிக்கிறப்ப மூக்காலயே ‘ஹ்ம்க்’னு ஒரு சிரிப்பு சிரிப்பார். யாரோ ஊழல்ல மாட்டியிருக்காங்கன்னு அர்த்தம். அது இதுல எதுல சேரும்? நான் கதையில வெச்சா எங்க வீட்டுக்காரர் கண்டுபிடிச்சிடுவாரு, அதுவேற.

துரைசாமி, ஏற்காடு:
அது சக்கிள் இல்லைம்மா. அதில் ஏளனம் இருக்கிறது. பெயரே வேண்டாம், நீங்கள் எழுதியபடியே ‘ஹ்ம்க்’ என்று வையுங்கள்.

கவிதா, அஸ்தம்பட்டி:
துணைவினை யோசனையை எடுத்துக்கொள்கிறேன் ஐயா. ஆனால் ‘தொண்டைச்சிரிப்பு’ என்றதும் சளி பிடித்தவர்தான் ஞாபகம் வருகிறார். ‘உட்சிரிப்பு’ எப்படி?

சரவணன், ஆத்தூர்:
உள்ளுக்குள் சிரிப்பதற்கு வெளியே சத்தம் ஏது? நமட்டுச் சிரிப்பிலும் எனக்கு இதே சந்தேகம்தான். அதில் உதடு தெரிகிறது, ஸ்னிக்கரின் சத்தம் கேட்கவில்லையே.

கவிதா, அஸ்தம்பட்டி:
அப்படியானால் இரண்டுக்கும் எதிரே கேள்விக்குறி போட்டுவைக்கிறேன்.