ஈரக்குமிழ் 35: நிழலும் தண்ணீரும் போதாதா?

வேலூர்_வெயில்: ஈரக்குமிழ் வெப்பநிலை 35 வந்தால் திடகாத்திரமான ஆளும் சில மணி நேரத்தில் செத்துவிடுவான் என்று படித்தேன். நான் 42 டிகிரி பார்த்து வளர்ந்தவன். நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தால் தப்பிக்க முடியாதா?

கதிரவன்: முடியாது நண்பரே. உங்கள் 42 வறண்ட காற்றில் வந்தது, மதியம் ஈரப்பதம் 25 சதவீதம் என்று வைத்தால் ஈரக்குமிழ் 25-தான் காட்டும். தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணி சுற்றி விசிறியின் முன் வைத்தால் எந்த டிகிரியில் இறங்கி நிற்கிறதோ அதுதான் ஈரக்குமிழ். வியர்வையில் நனைந்த தோலும் அதே ஈரத்துணி மாதிரிதான், எவ்வளவு காற்று அடித்தாலும் அதற்குக் கீழே அது குளிராது.

உடம்பு சும்மா உட்கார்ந்திருந்தாலும் 100 வாட் அளவுக்குச் சூடு உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. உள்ளே 37, தோல் 35, அந்த இரண்டு டிகிரி வித்தியாசம் இருப்பதால்தான் சூடு வெளியே வருகிறது. ஈரக்குமிழே 35 ஆகிவிட்டால் தோலும் அதற்குக் கீழே போகாது, சூடு வெளியேற வழி அடைபட்டுவிடும். 70 கிலோ ஆளுக்குச் சூடு கொஞ்சமும் வெளியேறாவிட்டால் மணிக்கு ஏறக்குறைய ஒன்றரை டிகிரி ஏறும், அப்படியானால் மூன்றரை மணி நேரத்தில் 42. தண்ணீர் குடித்தால் வியர்வை வரும், ஆனால் அது ஆவியாகாமல் சொட்டும், சொட்டும் வியர்வை குளிர்விக்காது.

ராஜி_மயிலாப்பூர்: எனக்கு நம்பிக்கை வரவில்லை. போன மே மாதம் சென்னையில் 38 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்று பார்த்தேன். கணக்குப் போட்டால் ஈரக்குமிழ் 36-க்கு மேல் வருகிறது. நாங்கள் எல்லாரும் உயிரோடுதானே இருக்கிறோம்?

கதிரவன்: உங்கள் கணக்கு சரி, எடுத்த எண்கள்தான் வேறு வேறு நேரத்தவை. 90 சதவீதம் விடியற்காலையில், அப்போது வெப்பம் 27 இருந்திருக்கும். அதே அளவு நீராவியோடு காற்று மதியம் 38-க்குச் சூடானால் ஈரப்பதம் 48 சதவீதத்துக்கு இறங்கிவிடும், ஈரக்குமிழ் 28 வரும். இரண்டும் ஒரே மணி நேரத்து அளவாக இருக்க வேண்டும். இந்தத் தவறை எல்லா ஊரிலும் செய்கிறார்கள்.

தம்மாம்_செல்வம்: அண்ணே, எங்கள் சைட்டில் கறுப்பு உருண்டை வைத்த மீட்டர் இருந்தது, அதில் 33 காட்டியும் மேஸ்திரி வேலை வாங்கினார். கூட இருந்த தம்பி தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தான், திடீரென்று பேச்சு குழறி விழுந்துவிட்டான், தோல் நெருப்பாகச் சுட்டது. 35 வரும்வரை ஆபத்தில்லை என்கிறீர்களா?

கதிரவன்: இல்லை தம்பி. நீங்கள் சொல்லும் மீட்டர் வேறு, அதில் ஈரக்குமிழ் பெரும்பங்கு, கூடவே வெயிலின் சூடும் காற்றின் சூடும் சேரும். அந்த 33-ஐ இந்த 35-ஓடு ஒப்பிடக்கூடாது. தம்பி விழுந்ததற்குக் காரணம் வேலை. கம்பி கட்டும்போது உடம்பு 300 வாட்டுக்கு மேல் சூடு உண்டாக்கும், அதனால் அவன் எல்லை 35-க்கு வெகு கீழேயே வந்துவிடும். பேச்சு குழறினால் உடனே குளிர்ந்த தண்ணீரில் முக்க வேண்டும், அதே நேரத்தில் ஆம்புலன்ஸுக்கும் சொல்ல வேண்டும். மயங்கியவன் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

ராஜி_மயிலாப்பூர்: சரி, எண்களில் நான் தவறினேன். ஆனால் 2015 ஜூலையில் ஈரானின் பந்தர் மாஷஹரில் 46 டிகிரியும், காற்றின் நீராவி பனித்துளியாகப் படியத் தொடங்கும் பனிநிலை 32-ம் இருந்தன, ஈரக்குமிழ் 34-க்கு மேல். ஊரே அழிந்துவிடவில்லையே?

கதிரவன்: அந்த உச்சம் சில மணி நேரம்தான், அதோடு அங்கே ஏசி அறைக்குள் போக முடிந்தது. 35 என்பது ஆய்வாளர்கள் ஷெர்வுட்டும் ஹூபரும் 2010-ல் கணக்கிலிருந்து சொன்ன மேல் எல்லை, நிழலில் அசையாமல் பல மணி நேரம் இருப்பவனுக்கு. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை வெப்ப அறையில் வைத்துப் பார்த்தபோது, ஈரமான காற்றில் 31-க்குப் பக்கத்திலேயே உடலின் உள்வெப்பம் நிற்காமல் ஏறத் தொடங்கியது.

ராஜி_மயிலாப்பூர்: அவர்கள் அமெரிக்கர்கள். பாகிஸ்தானின் ஜாகோபாபாதில் செங்கல் சூளையில் வேலை செய்பவர்கள் வெயிலுக்குப் பழகியவர்கள். அவர்களுக்கும் 31 என்று எப்படிச் சொல்கிறீர்கள்? ஏறத் தொடங்குவதும் சாவதும் ஒன்றல்லவே.

கதிரவன்: அது நியாயமான கேள்வி, 31-ஐ அவர்கள்மேல் அப்படியே வைக்க மாட்டேன். பழகிய உடம்பு சீக்கிரமாகவும் அதிகமாகவும் வியர்க்கும். ஆனால் 35-ல் வியர்வை எவ்வளவு வந்தாலும் பலனில்லை, அங்கே பழக்கம் உதவாது. 31-க்கும் 35-க்கும் நடுவில் யார் எவ்வளவு நேரம் தாங்குவார் என்பதில் நாம் இருவரும் ஒத்துப்போக மாட்டோம்.

வேலூர்_வெயில்: இப்போது மொட்டைமாடி நிழலில் ஈரத்துணி சுற்றி ஃபேன் போட்டுப் பார்த்தேன். துணியில்லாமல் 37, துணியோடு 26. கடலூரில் இருக்கும் அக்காவையும் அதே நேரத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். அங்கே 34, துணியோடு 29.