ஃபாஸ்டிங் சுகர் டெஸ்ட்: காலை மாத்திரையை எப்போது போடுவது?

அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை காலை 7 மணிக்கு ஃபாஸ்டிங், சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து இன்னொரு ரத்தம். ஊர் மதுரை. வயது 63, சர்க்கரை வந்து எட்டு வருடம் ஆகிறது.

தண்ணீர், காபி விஷயம் தெளிவாகிவிட்டது. இரவு 9 மணிக்குச் சாப்பாடு முடிந்தால் அப்புறம் வெறும் தண்ணீர் மட்டும்தான். சர்க்கரை போடாத கட்டங்காபி, டீ கூட வேண்டாம், காஃபீன் சிலருக்குச் சர்க்கரை அளவை மாற்றும் என்றார்கள். விடியற்காலை காபி இல்லாமல் அம்மாவுக்குத் தலைவலி வரும், பரவாயில்லை, சமாளித்துக்கொள்வார்.

சிக்கல் மாத்திரையில்தான். காலையில் தைராக்ஸின் 50, பிரஷருக்கு அம்லோடிபின் 5, டிபனுக்கு முன் கிளிமிபிரைடு 1 மில்லிகிராமும் மெட்ஃபார்மின் 500-உம். லேபில் கேட்டால் "எதுவும் போடாமல் வாங்க" என்கிறார்கள். மருந்துக்கடைக்காரர் பிரஷர் மாத்திரையைத் தண்ணீரில் போடலாம், சர்க்கரை மாத்திரையை மட்டும் வெறும் வயிற்றில் போடவே கூடாது என்கிறார். அது எனக்கும் சரியாகப் படுகிறது: போன மாதம் டிபன் தள்ளிப்போன ஒரு நாள் அம்மாவுக்குக் கை நடுங்கி வியர்த்துக் கொட்டியது, மெஷினில் 62 காட்டியது. டாக்டர் ஊரில் இல்லை, திங்கள்தான் வருகிறார், போனிலும் கிடைக்கவில்லை.

முதல் ரத்தம் கொடுத்தவுடன் சர்க்கரை மாத்திரையை வழக்கம்போலப் போட்டு டிபன் சாப்பிட்டால்தானே, இரண்டாவது ரிசல்ட் மருந்து வேலை செய்வதைச் சரியாகக் காட்டும்? லேப் அல்லது மருத்துவத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.