புதுப்பிப்பு: தேவிபட்டினம் மாடிக் கடை வயர்லெஸ் பிரிட்ஜ்

முன்பு நான் இங்கே கேட்டது: "வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி மாடிக் கடை. இரண்டு முனையிலும் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ. காலையில் நல்லா ஓடுது, கச்சான் காற்று அடிச்சா அறுந்து போகுது. ஏன்?"

காரணம் இரண்டு. சேனல் மாற்றச் சொன்ன தம்பி சொன்னது பாதி சரி: இரைச்சல் குறைந்தது, அறுவது நிற்கவில்லை. ரிப்பீட்டர் வாங்கச் சொன்ன அக்கா சொன்னது வீட்டுக்குள் வரும் வைஃபை பற்றி, இது வேறு.

டவர் வேலை பார்க்கும் அண்ணன் சொன்னபடி `ping -t 192.168.1.20` ஓடவிட்டு, ரேடியோவின் செட்டிங்ஸ் பக்கத்தில் சிக்னலைப் பார்த்தோம். காற்றில் -54 dBm என்பது -73 வரை சரிந்தது. பாதையின் நடுவில் தென்னை மட்டை. கண்ணுக்கு நேர்கோடு தெரிந்தால் போதாது. இந்தத் தூரத்தில் நடுவில் அந்த நேர்கோட்டைச் சுற்றி 1.4 மீட்டராவது காலியாக இருப்பது நல்லது. ரேடியோ மாட்டிய குழாயை 2 மீட்டர் உயர்த்தியதும் சரிவு நின்றது.

ஆனாலும் சில நேரம் அறுந்தது. அப்போது சிக்னல் அசையவில்லை, `LAN` வேகம் மட்டும் 100 இலிருந்து 10க்கு இறங்கியது. பிளக்கைக் கழற்றினால் பின்களில் பச்சை பூத்திருந்தது. உப்பு! வெட்டிப் புது பிளக் அடித்து, கிரீஸ் தடவி, கேபிளை ரேடியோவுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டோம். மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

கிரீஸ் எத்தனை மாதம் தாங்கும் என்பதில் அண்ணனுக்கும் எனக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.