சாய எண்ணா, நிற எண்ணா? (பிஸ்கட் டப்பாவில் மிஞ்சிய ஒரு சிவப்பு நூல்)

தக்கலைக்காரி, திங்கள் இரவு

வணக்கம். எங்கள் தையல் குழுவில் மிச்ச நூலைப் போனில் படம் எடுத்து, "இதே மாதிரி ரெண்டு வேணும்" என்று கடைக்கு அனுப்புவதுதான் வழக்கம். வருவது எப்போதும் வேறொரு சிவப்பு. அதனால் படம் எடுக்கும்போது எதெல்லாம் தெரிய வேண்டும் என்று ஒரு பக்கத்துக்குத் தமிழில் குறிப்பு எழுதுகிறேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். ஷேடு நம்பருக்குத் தமிழில் என்ன? இப்போதைக்கு 'சாய எண்' என்று போட்டிருக்கிறேன்.

என் சொந்தக் கதையும் ஒன்று உண்டு. கோயில் திருவிருந்து மேசை விரிப்புக்கு ரோஜாக் கரை போட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் நின்றது, நாலு வருஷம் ஆகிவிட்டது. இன்னும் 14 ரோஜா பாக்கி. பிஸ்கட் டப்பாவில் அரைக் கண்டு நூல் கிடைத்தது. அதன் தாள் பாதி கிழிந்திருக்கிறது. மிச்சமுள்ள துண்டில் கடைசியாக 46 என்று மட்டும் தெரிகிறது. கம்பெனிப் பெயர் இல்லை. படம் இணைத்திருக்கிறேன்.

பிக்சல் மார்த்தாண்டம், திங்கள் இரவு

அக்கா, இது ரொம்ப எளிது. படத்தை ஏதாவது பெயிண்ட் செயலியில் திறந்து, நிறம் எடுக்கும் கருவியால் நூலின் மேல் தொடுங்கள். நான் தொட்டதில் #D81A2C வந்தது. நூல் நிறங்களின் கணினி மதிப்புப் பட்டியல்கள் இணையத்தில் கிடைக்கும். எது கிட்ட வருகிறதோ அதுதான் நூல். சொல்லும் அதிலிருந்தே வருகிறது: 'நிறக் குறியீடு'.

நெய்யூர் ஊசி, செவ்வாய் காலை

தம்பி சொன்னதில் பாதி சரி. ஆனால் நீங்கள் தொட்ட இடத்திலிருந்து ஒரு விரல் தள்ளி, மடிப்பு வளையும் இடத்தில் நானும் தொட்டுப் பார்த்தேன். #A3101F வந்தது. ஒரே நூல், ஒரே படம். இந்த நூலுக்குப் பளபளப்பு உண்டு. வெளிச்சம் நூல் போகும் திசையில் விழுந்தால் ஒரு நிறம், குறுக்கே விழுந்தால் இன்னொரு நிறம். போதாததற்கு, அடர்ந்த சிவப்பைப் போன் கேமராக்கள் சரியாகப் பிடிப்பதில்லை. சிவப்பின் அளவு 255-இல் போய் முட்டிக்கொள்ளும். அதற்கு மேல் இரண்டு வெவ்வேறு சிவப்பும் படத்தில் ஒன்றாகிவிடும். நீலத்தில், சாம்பலில் உங்கள் வழி ஓரளவுக்குக் கைகொடுக்கும். சிவப்பில் கைவிட்டுவிடும்.

தக்கலை மக்களே, உன் படத்தில் மஞ்சள் பல்பு வெளிச்சம் விழுந்திருக்கிறது. அதனால் நிறத்தை விடு, அந்த 46-ஐப் பிடி.

இங்கே நம் கைக்கு வருவது பெரும்பாலும் ஆங்கர் அல்லது டிஎம்சி. டிஎம்சியில் 46 என்று முடியும் எண்களை நினைவிலிருந்து எழுதுகிறேன். 646 சாம்பல், 746 வெளிர் மஞ்சள், 946 ஆரஞ்சு, 3346 பச்சை, 3746 ஊதா, 3846 நீலப்பச்சை. ரோஜாச் சிவப்பு ஒன்றுகூட இல்லை. வெறும் 46-ம் டிஎம்சியில் கிடையாது. 2017-இல் அவர்கள் புதிதாக விட்ட சின்ன எண்கள் 35-ஓடு நின்றுவிடும். ஆங்கரில் 146 நீலம், 246 பச்சை, 1046 பழுப்பு. சிவப்பு என்றால் இரண்டுதான்: 46, 9046. ஆகவே உன் நூல் ஆங்கராக இருந்தால் இந்த இரண்டில் ஒன்று. உள்ளூர் மலிவு நூலாக இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கிழிந்த ஓரத்தை இன்னொரு தடவை கிட்டத்தில் பார். 46-க்கு இடப்பக்கம் ஏதாவது மை தெரிகிறதா?

குளச்சல் பாட்டி, செவ்வாய் மதியம்

எனக்கும் இதே சங்கடம்தான். பேரனுக்குக் கம்பளி நூலில் தொப்பி பின்னினேன். ஒரு பந்து போதவில்லை. தாளில் இருந்த எண்ணைச் சொல்லி அதே எண்ணில் இன்னொரு பந்து வாங்கினேன். தொப்பியில் இப்போது காதுக்கு மேலே கோடு போட்ட மாதிரி நிறம் மாறுகிறது. எண் ஒன்று, நிறம் வேறு. கடைக்காரர் "நம்பர் சரிதானே அம்மா" என்கிறார். இதற்கு உங்கள் சாய எண் என்ன பதில் சொல்லும்?

வடசேரித் தறி, செவ்வாய் இரவு

பாட்டி கேட்டதுதான் சரியான கேள்வி. அவர்கள் எம்பிராய்டரி பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் நம் சொல்லுக்கான விடை அங்கேதான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் அப்பா காலம் வரை நூலுக்குச் சாயம் போட்டோம். ஒரே சாயத்தூள், ஒரே நிறுவை, ஒரே ஆள். ஆனாலும் காலையில் தொட்டியில் முக்கி எடுத்த நூலும் மதியம் முக்கிய நூலும் அப்படியே ஒன்றாக இருக்காது. தண்ணீர் மாறும், சூடு மாறும், நூல் குடிக்கிற அளவு மாறும். தனித்தனியாகப் பார்த்தால் தெரியாது. தறியில் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் பட்டையாகத் தெரிந்துவிடும். அதனால் ஒரு சேலைக்கு வேண்டியதை ஒரே முக்கில் எடுத்துவிடுவோம்.

பாட்டியின் கம்பளிப் பந்துத் தாளில் இரண்டு எண் இருந்திருக்கும். ஒன்று எந்த நிறம் என்பது; இன்னொன்று எந்தத் தடவை சாயம் போட்டது என்பது. பாட்டி முதலாவதை மட்டும் பார்த்திருக்கிறார்கள். இப்போது நெய்யூர் டீச்சரம்மாவும் தக்கலைத் தங்கச்சியும் சொல்லட்டும்: 'சாய எண்' என்றால் எங்கள் ஆட்கள் இரண்டில் எதை நினைப்பார்கள்? இரண்டாவதைத்தான். முதலாவதுக்கு அந்தச் சொல்லை வைத்தால் குழப்பத்தை நாமே அச்சடித்துக் கொடுத்த மாதிரி.

முதலாவது நிற எண். இரண்டாவதுக்கு 'முக்கு எண்' என்று வைக்கலாம்.

பிக்சல் மார்த்தாண்டம், செவ்வாய் இரவு

நிற எண் ஒத்துக்கொள்கிறேன், என் குறியீட்டை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் முக்கு எண்ணா? தெருமுக்கில் இருக்கிற வீட்டு எண் மாதிரி கேட்கிறது அண்ணே. 'சாயத் தொகுதி எண்' போடலாமே.

தக்கலைக்காரி, புதன் காலை

தொகுதி என்றால் எங்கள் குழுவில் எல்லோரும் எலெக்‌ஷனைத்தான் நினைப்பார்கள். இட்லி ஊற்றிக்கொண்டிருக்கும்போது ஒன்று தோன்றியது. ஒரு ஈடு இட்லி, இரண்டாம் ஈடு இட்லி என்கிறோமே. ஒரே மாவுதான், ஆனால் முதல் ஈடு ஒரு மாதிரி, கடைசி ஈடு ஒரு மாதிரி. நூலுக்கும் அதுதானே நடக்கிறது? 'சாய ஈடு'. தாளில் இருப்பது 'ஈட்டு எண்'. யாருக்கும் விளக்கவே வேண்டாம்.

அப்புறம், டீச்சர், லென்ஸ் வைத்துப் பார்த்தேன். 4-க்கு இடப்பக்கம் கிழிசல் ஓரத்தில் ஒரு சின்ன வளைவு இருக்கிறது. அது பூஜ்யத்தின் வலப்பக்கம் மாதிரிதான் தெரிகிறது. அப்படியானால் 9046?

நெய்யூர் ஊசி, புதன் மதியம்

வளைவு இருந்தால் 9046-தான். ஆனாலும் கண்ணால் உறுதி செய்துகொள். 46 கொஞ்சம் பளிச்சென்று இருக்கும், 9046 ஒரு படி அடங்கிய சிவப்பு. கடைக்குப் போகும்போது மிச்சக் கண்டை அப்படியே நீட்டாதே. நாலு வருஷம் கிடந்ததில் வெளி மடிப்பு வெளுத்திருக்கலாம். உள்மடிப்பிலிருந்து எடுத்து, ஆறு இழையும் பிரியாமல் ஒரு வெள்ளை அட்டைத் துண்டில் நெருக்கமாகப் பத்துச் சுற்று சுற்று. ஒற்றை இழையாகப் பார்த்தால் எந்த நிறமும் வெளிறித் தெரியும். பத்துச் சுற்று சேர்ந்தால்தான் அதன் சொந்த நிறம் தெரியும். அட்டையைப் புதுக் கண்டின் பக்கத்தில், இரண்டு நூலும் ஒரே திசையில் ஓடும்படி வைத்து, கடை வாசலுக்கு வந்து நிழலில் பார். டியூப் லைட்டின் கீழ் ஒன்றாகத் தெரிகிற இரண்டு சிவப்பு வெளியே வந்ததும் பிரிந்துபோவது உண்டு.

படம்தான் அனுப்ப வேண்டும் என்றால் இந்த அட்டையைப் படம் எடு. வெயில் நேராக விழாத ஜன்னலோரம், கீழே வெள்ளைத் தாள், பக்கத்தில் எண் தெரிந்த இன்னொரு சிவப்புக் கண்டு. கடைக்காரரும் அந்த எண்ணில் ஒன்றைக் கையில் எடுத்துவைத்துப் பார்த்தால், உன் போன் எவ்வளவு பொய் சொல்கிறது என்று தெரிந்துவிடும்.

எத்தனை வாங்க வேண்டும்? நீ எத்தனை இழையில் தைக்கிறாய், ஒரு ரோஜாவுக்கு எவ்வளவு நூல் போகிறது?

தக்கலைக்காரி, புதன் இரவு

இரண்டு இழை. அளந்து பார்த்தேன், ஒரு ரோஜாவுக்கு இரண்டரை மீட்டர்.

நெய்யூர் ஊசி, புதன் இரவு

ஒரு கண்டு 8 மீட்டர், ஆறு இழை. இரண்டிரண்டாகப் பிரித்தால் 24 மீட்டர். உனக்கு வேண்டியது 35 மீட்டர். இரண்டு கண்டு போதும், ஆனால் இரண்டையும் ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து எடு. இந்தச் சின்னக் கண்டுகளின் தாளில் பெரும்பாலும் நிற எண்தான் இருக்கும். ஈடு எது என்று தெரிய வழியில்லை.

பிக்சல் மார்த்தாண்டம், வியாழன்

ஆங்கர் கிடைக்காவிட்டால்? மாற்றுப் பட்டியலில் பார்த்தேன், ஆங்கர் 9046-க்கு டிஎம்சி 321 என்று இருக்கிறது. இதை 'இணை எண்' என்று குறிப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

நெய்யூர் ஊசி, வியாழன்

பட்டியல் சரி, சொல் சரியில்லை. அதே பட்டியலில் டிஎம்சி 498, 816 இரண்டையும் பார். பெரும்பாலான பட்டியல்களில் இரண்டுக்கும் ஆங்கர் 1005 என்றுதான் போட்டிருக்கும். அந்த இரண்டும் தங்களுக்குள்ளேயே வேறு சிவப்பு. பிறகு ஒரே நூலுக்கு இரண்டும் எப்படி இணையாகும்? பக்கத்து வீடு என்று சொல், சொந்த வீடு என்று சொல்லாதே. 'அண்டை எண்' என்று வை. புதுசாகத் தொடங்குகிற வேலைக்கு அண்டை எண் போதும். பாதியில் நிற்கும் ரோஜாவுக்குப் போதாது.

வடசேரித் தறி, வெள்ளி

அண்டை எண் நன்றாக இருக்கிறது. சாய ஈடும் நல்ல சொல்தான், ஆனால் எனக்கு ஒரு தயக்கம். ஈடு என்றால் அடகு வைப்பதும்தானே. வட்டிக்கடைச் சீட்டு ஞாபகம் வராதா?

குளச்சல் பாட்டி, வெள்ளி

நூல் கடையில் போய் யார் தம்பி அடகுச் சீட்டை நினைப்பா? எனக்கு ஈடு புரிந்தது, முக்கும் புரிந்தது. என் தொப்பிக்கு என்ன வழி, அதை யாரும் சொல்லலியே.

நெய்யூர் ஊசி, வெள்ளி

அக்கா, கோடு விழுந்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே வரை பிரித்துவிட்டு, பழைய ஈட்டில் ஒரு வரிசை, புது ஈட்டில் ஒரு வரிசை என்று மாற்றி மாற்றி ஆறெட்டு வரிசை பின்னுங்கள். கோடு கரைந்துவிடும்.

தக்கலைக்காரி, ஞாயிறு இரவு

நாகர்கோவில் போய் வந்தேன். கடை வாசலில் நின்று அட்டையை வைத்துப் பார்த்தேன். 46 தூரத்திலேயே கத்துகிறது, 9046 அப்படியே ஒட்டிப்போனது. இரண்டு கண்டு வாங்கினேன். ஆனால் வீட்டுக்கு வந்து விரிப்பில் வைத்தால் பழைய ரோஜாக்கள் ஒரு சொட்டு மங்கல். அப்போதுதான் ஞாபகம் வந்தது, விரிப்பை இடையில் ஒரு தடவை துவைத்திருக்கிறேன். திருப்பிப் பின்பக்க முடிச்சைப் பார்த்தேன், அங்கே நிறம் புது நூல் மாதிரியே இருக்கிறது. ஆக எண் சரி, ஈடும் அநேகமாகப் பரவாயில்லை, மாறியது என் ரோஜாதான்.

பாட்டிக்குச் சொன்னதையே ஊசியில் செய்துவிட்டேன். பழைய நூல் கொஞ்சம் மிச்சம் இருந்ததே, வெளுத்த வெளி மடிப்பிலிருந்து ஒரு இழை, புதுக் கண்டிலிருந்து ஒரு இழை, இரண்டையும் சேர்த்துக் கோத்து அடுத்த இரண்டு ரோஜாவைத் தைத்தேன். அதற்குப் பிறகு முழுக்கப் புது நூல். மகள் எது பழசு என்று தேடிப் பார்த்துவிட்டுத் தப்பான ரோஜாவைக் காட்டினாள்.

குறிப்பில் நிற எண், அண்டை எண் இரண்டையும் எழுதிவிட்டேன். மூன்றாவதுக்கு இப்போதைக்கு 'சாய ஈடு' என்று பென்சிலில் போட்டிருக்கிறேன். தறி அண்ணன் முக்கை விடுகிற மாதிரி தெரியவில்லை.