[கலைச்சொல்] எம்பெட்: உட்பொதியா, வேறு சொல்லா?

கோத்தகிரி டீச்சர்:
வணக்கம். பள்ளித் தளத்தில் வீடியோ போடுவது எப்படி என்று ஆசிரியர்களுக்கு ஒரு சிறு கையேடு எழுதுகிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். வீடியோவை நம் சர்வரில் ஏற்றாமல், யூடியூபில் போட்டு அங்கிருந்து எம்பெட் செய்யுங்கள் என்பதுதான் விஷயம். 'பதி' என்று எழுதியிருந்தேன். பதிவேற்றுவதும் அதுதானே என்று ஒருவர் குறிஞ்சிப் பூ வீடியோவை, மூன்று நிமிடம், 380 எம்பி, நேராகத் தளத்தில் ஏற்றிவிட்டார். மலைச் சரிவில் சிக்னல் குறைந்த வீடுகளில் அது சுற்றிக்கொண்டே நிற்கிறது. குழப்பாத சொல் ஒன்று சொல்லுங்கள்.

ஊட்டிப் புலவர்:
பலரும் 'உட்பொதி' என்கிறார்கள். உள் + பொதி, ளகரம் டகரமானது, புணர்ச்சியில் பிழையில்லை. பொருளில்தான் பிழை. பொதி என்றால் மூட்டை. பொதிசோறு, பொதிமாடு எல்லாம் அந்த வழி வந்தவை. பொதிந்தது உள்ளே இருக்க வேண்டும். இங்கே வீடியோ உள்ளேயே வரவில்லையே? வேறிடத்தில் இருப்பதால் அயல் + பதி, 'அயற்பதி' என்பது என் முன்மொழிவு. 'வீடியோ'வையும் விடுங்கள், 'விழியம்' இருக்கிறது.

கோத்தகிரி டீச்சர்:
ஐயா, பதி என்றால் புருஷன் என்று எட்டாம் வகுப்புக்கே தெரியும். அயற்பதியைக் கையேட்டில் போட்டால் ஆசிரியர் அறையில் என்னை விட மாட்டார்கள்.

குன்னூர் ஹோம்ஸ்டேக்காரர்:
எம்பெட் என்றே எழுதுங்க டீச்சர், எல்லாருக்கும் புரியும். எம்பெட் செய்தால் பக்கம் வேகமாகிவிடும் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். எங்கள் தளத்தில் ஒரே பக்கத்தில் ஆறு வீடியோ எம்பெட் செய்தேன், முன்னைவிட மெதுவாகத் திறக்கிறது.

கொடைக்கானல் தம்பி:
அண்ணா, உங்கள் பக்கமும் டீச்சர் பக்கமும் வேறு வேறு காரணத்தால் திணறுகின்றன. டீச்சருடையதில் இருப்பது ஒரே ஒரு பெரிய கோப்பு. மூன்று நிமிடத்துக்கு 380 எம்பி என்றால் தடங்கல் இல்லாமல் ஓட நொடிக்கு சுமார் 17 மெகாபிட் வேண்டும், மலையில் எத்தனை பேர் போனுக்கு அது வரும்? யூடியூப் அதே வீடியோவைப் பல அளவுகளில் மாற்றி வைத்துக்கொண்டு, இணைப்பு தளர்ந்தால் தானே சின்ன அளவுக்கு இறங்கிவிடும்.

உங்களுடையதில் யாரும் பிளே அழுத்தும் முன்பே ஆறு பிளேயரும் தங்கள் ஸ்கிரிப்டுகளை இழுக்கத் தொடங்கிவிடுகின்றன. F12 அழுத்தி, Network போய், பக்கத்தை மறுபடி ஏற்றிப் பாருங்கள். எதையும் தொடாமலே யூடியூபிலிருந்து கோப்புகள் வரிசையாக இறங்கினால் அதுதான் காரணம். முதல் மருந்து loading="lazy":

```
<iframe src="https://www.youtube-nocookie.com/embed/VIDEO_ID"
  width="560" height="315" loading="lazy"
  title="குறிஞ்சிப் பூ" allowfullscreen></iframe>
```

கீழே உள்ள வீடியோக்கள், படிப்பவர் ஸ்க்ரோல் செய்து நெருங்கும்வரை காத்திருக்கும். பக்கத்தைத் திறந்ததுமே கண்ணில் படுகிற வீடியோவுக்கு மட்டும் இது உதவாது. அந்த இடத்தில் முகப்புப் படத்தை மட்டும் வைத்து, தொட்ட பிறகு iframe வரும்படி செய்யுங்கள். width, height இரண்டையும் விட்டுவிடாதீர்கள். பிறகு CSS-இல் அகலத்தை மாற்றினால் height: auto; aspect-ratio: 16 / 9; இரண்டையும் கொடுங்கள், இல்லாவிட்டால் போனில் கட்டம் கோணலாகும்.

சொல்லுக்கு வந்தால், புலவர் ஐயா சொல்வது நடைமுறையிலும் சரி. உள்ளே வந்துவிட்டது என்று நம்பி யூடியூபில் வீடியோவை அழித்துவிட்டு, பக்கத்தில் கறுப்புக் கட்டத்தோடு வந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். அது ஒரு சன்னல், அவ்வளவுதான்.

ஊட்டிப் புலவர்:
சன்னல் போர்த்துகீசியம். சாளரம் என்று சொல்லுங்கள். 'பலகணி'யும் உண்டு, கண் பல உடையது...

பழனி வாசகர்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். 380 எம்பி-யைச் சுருக்க நல்ல மென்பொருள் எது? வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பார்த்தேன், தெளிவே போய்விட்டது.

கொடைக்கானல் தம்பி:
அது வேறு கேள்வி அண்ணே, தனியாகக் கேளுங்கள். யூடியூபுக்குச் சுருக்காமலே ஏற்றலாம், அதற்கு வேண்டிய அளவுகளை அதுவே செய்துகொள்ளும்.

குன்னூர் ஹோம்ஸ்டேக்காரர்:
lazy போட்டேன், பக்கம் சட்டென்று திறக்கிறது. மேலே உள்ள ஒன்றுக்குப் படம் வைக்கிற வேலையைப் பையனிடம் கொடுத்திருக்கிறேன். சொல்லுக்கு என் ஓட்டு இன்னமும் எம்பெட்தான்.

கோத்தகிரி டீச்சர்:
சரி, நேரமாகிவிட்டது. தனிமடலிலும் நாலைந்து பேர் உட்பொதி என்றே எழுதியிருக்கிறார்கள், தேடினாலும் அதுதான் கிடைக்கிறது. 'உட்பொதி' என்று போட்டு, அடுத்த வரியில் 'வீடியோ யூடியூபிலேயே இருக்கும், அங்கே அழித்தால் இங்கும் ஓடாது' என்று சேர்த்துவிட்டேன்.

ஊட்டிப் புலவர்:
விளக்கம் இல்லாமல் நிற்காத சொல் கலைச்சொல்லா? என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். பெயர்ச்சொல்லாக வரும்போது உட்பொதிவா உட்பொதிப்பா என்பதையாவது முடிவு செய்தீர்களா? பிறவினையானால் உட்பொதிப்பு என்றுதான் வர வேண்டும்.

கோத்தகிரி டீச்சர்:
கையேட்டில் இரண்டும் வந்திருக்கிறது, ஐயா.