கனேடிய டொலர் ரூபாவாகும் வழியில் எங்கே குறைகிறது?

ஓலைப்பெட்டி, மாங்குளம்
வணக்கம். பனங்கட்டி, புளுக்கொடியல், ஓலைப் பெட்டிகள் ஆகியவற்றை இணையத்தில் விற்கிறேன். வாங்குபவர்கள் பெரும்பாலும் கனடாவிலும் பிரித்தானியாவிலும் பிரான்சிலும் இருக்கும் நம்மவர்கள். அவரவர் நாணயத்திலேயே விலை காட்டுகிறேன். பணம் பெற்றுத்தரும் நிறுவனம் எல்லாவற்றையும் அமெரிக்க டொலராக்கி எனது ரூபாக் கணக்குக்கு அனுப்புகிறது. 100 கனேடிய டொலர் விற்பனைக்கு 19,950 ரூபா வந்தது. அன்றைய சந்தை விலைப்படி 21,600 ரூபா. கழிவு 3.5 வீதம் என்றுதான் சொன்னார்கள். அது 756 ரூபா. மற்றது எங்கே போனது? வங்கியில் கேட்டால், "எங்களிடம் வந்து சேர்ந்ததே அமெரிக்க டொலர்தான்" என்று கையை விரிக்கிறார்கள்.

வவுனியா வியாபாரி
எல்லாம் வங்கியின் வேலைதான் தங்கச்சி. டொலர்க் கணக்கு ஒன்றைத் திறந்து பணத்தை அதில் போடுங்கள். ஒரு சதமும் குறையாது.

கிளிநொச்சிக் கணக்கர்
பொறுங்கள் அண்ணா, வங்கியைப் பிறகு பார்ப்போம். தங்கச்சி, அந்த நிறுவனத்தின் தீர்வு அறிக்கையைத் தரவிறக்கி இந்த விற்பனைக்குரிய வரியை இங்கே போடுங்கள். முகப்பில் தெரியும் மொத்தத் தொகை போதாது.

ஓலைப்பெட்டி, மாங்குளம்
இதுதான் அண்ணா:

```
gross  100.00 CAD
fee      3.50 CAD
rate   0.6984
net     67.40 USD
```

கிளிநொச்சிக் கணக்கர்
விடை `rate` வரியில் இருக்கிறது. நீங்கள் சொன்ன நாளில் சந்தையின் நடுவிலை ஒரு கனேடிய டொலருக்கு 0.72 அமெரிக்க டொலர். இப்படிக் கணக்கிட்டுப் பாருங்கள்:

```
1 - 0.6984 / 0.72 = 0.03
```

மூன்று வீதத்தை மாற்று விலைக்குள்ளேயே எடுத்துக்கொண்டார்கள். `fee` வரியில் அது வராது, அதனால்தான் உங்கள் கண்ணில் படவில்லை. ரூபாவில் ஏறக்குறைய 625. அதன்பின் வங்கி 67.40 டொலரை 296 ரூபாவுக்கு வாங்கியிருக்கிறது, நடுவிலை 300. அங்கே போனது 270 ரூபா அளவில்தான். வவுனியா அண்ணா சொன்ன டொலர்க் கணக்கு இந்த 270 ரூபாவை மட்டுமே காப்பாற்றும், அதுவும் பொதி அனுப்பும் செலவையோ விளம்பரத்தையோ டொலரிலேயே கட்டினால்தான். ரூபாவாக எடுக்கும் நாளில் அதே வங்கி அதே விலையில்தான் வாங்கும்.

வவுனியா வியாபாரி
சரி, அப்படியென்றால் விலையையே அமெரிக்க டொலரில் போட்டுவிட்டால் முதல் மாற்றமே இல்லையே?

கிளிநொச்சிக் கணக்கர்
உண்மை, ஆனால் அந்தச் சுமை வாங்குபவரின் தலையில் ஏறும். கனேடிய அட்டைகள் பலவற்றில் வேற்று நாணயக் கொள்வனவுக்கு 2.5 வீதம் கூடுதலாக அறவிடுகிறார்கள். மாதக் கணக்கு வந்ததும் "நீங்கள் சொன்னது ஒரு விலை, எடுத்தது ஒரு விலை" என்று மின்னஞ்சல் உங்களுக்குத்தான் வரும்.

பரந்தன் பெறாமகள்
எனக்கு இதே தலையிடிதான். பிரான்சில் இருக்கும் சின்னம்மாவின் கணக்கில் யூரோவாக வாங்கி, மாதக் கடைசியில் மொத்தமாக அனுப்பச் சொல்லலாமா?

கிளிநொச்சிக் கணக்கர்
வேண்டாம். முன்பின் தெரியாதவர்களின் பணம் அவரது சொந்தக் கணக்கில் விழத் தொடங்கினால் அவரது வங்கி விளக்கம் கேட்கும். வருமானம் என்று பார்த்தால் வரித் திணைக்களமும் கேட்கும். உங்கள் ஏற்றுமதிப் பணம் உங்கள் பெயரில் இலங்கைக்கு வந்ததற்கும் சான்று இராது.

ஓலைப்பெட்டித் தங்கச்சி, நிறுவனத்திடம் ஒன்றைக் கேளுங்கள்: கனேடிய டொலரையும் பவுணையும் யூரோவையும் மாற்றாமல் தனித்தனி இருப்பாக வைத்திருக்க முடியுமா, அப்படியே இங்குள்ள வங்கிக்கு அனுப்ப முடியுமா? இரண்டாவது முடியாவிட்டால் முதலாவதால் பெரிய இலாபம் இல்லை.

ஓலைப்பெட்டி, மாங்குளம்
பதில் வந்துவிட்டது. தனி இருப்பு வைக்கலாமாம், இலங்கைக்கு அனுப்புவது அமெரிக்க டொலரில் மட்டும்தானாம். ஆகவே கனேடிய விலையில் மூன்று வீதத்தைச் சேர்த்துவிடப் போகிறேன். இன்னொன்று அண்ணா: பெட்டி நசுங்கிப் போய்ச் சேர்ந்த ஒருவருக்கு முழுப் பணமான 100 கனேடிய டொலரையும் திருப்பிக் கொடுத்தேன். 74.16 அமெரிக்க டொலர் கழித்திருக்கிறார்கள். எனக்கு வந்தது 67.40 தானே?

கிளிநொச்சிக் கணக்கர்
திருப்பும்போது எதிர்ப்பக்க விலை: 0.72 உடன் மூன்று வீதம் கூட்டினால் 0.7416. வரும்போதும் வெட்டு, போகும்போதும் வெட்டு. முதலில் எடுத்த 3.5 வீதக் கழிவும் திரும்பவில்லை. 6.76 டொலர் நட்டம், பெட்டி வேறு. தனி இருப்பு உதவுவது இங்கேதான்: கனேடிய டொலரை உடனே மாற்றாமல் கொஞ்சம் விட்டுவைத்தால், அதிலிருந்தே திருப்பிக் கொடுக்கலாம், கழிவு மட்டும்தான் போகும்.

வவுனியா வியாபாரி
எவ்வளவு காலம் விட்டுவைப்பது? இடையில் கனேடிய டொலர் விழுந்தால்?

கிளிநொச்சிக் கணக்கர்
அதற்கு என்னிடம் ஒரே பதில் இல்லை அண்ணா. பொருள் போய்ச் சேர்ந்து முறைப்பாடு வரக்கூடிய காலம் வரை என்பது எனது வழக்கம். பனங்கட்டிக்கும் ஓலைப் பெட்டிக்கும் அது ஒன்றாக இராது.

பரந்தன் பெறாமகள்
அப்போது சின்னம்மாவிடம் நான் என்ன சொல்வது? அவர் கணக்கு இலக்கத்தை அனுப்பியே விட்டார்.