போன செமஸ்டர் அசைன்மென்டை ஆய்வேட்டில் சேர்க்கலாமா?

வளவன்: போன செமஸ்டரில் ஒரு பாடத்துக்கு 2000 வார்த்தையில் இலக்கிய மீளாய்வு எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிட்டேன். இப்போது முதுநிலை ஆய்வேடும் அதே தலைப்பில்தான். அதை அப்படியே இரண்டாம் அத்தியாயமாக வைத்தால் தப்பா? நானே எழுதியதுதானே?

குறும்பன்: இதில் என்ன தப்பு? திருட்டு என்றால் இன்னொருவர் பொருளை எடுக்க வேண்டும். என் பையிலிருந்து நானே காசு எடுத்தால் போலீஸ் வருமா? தாராளமாகப் போடுங்கள்.

மங்கை: குறும்பன், யாரிடமிருந்து எடுத்தார் என்று பார்க்கிறீர்கள், யாரிடம் கொடுக்கிறார் என்று பார்க்கவில்லை. ஆய்வேட்டைத் திருத்துகிறவர் அது இந்தப் பட்டத்துக்காகப் புதிதாகச் செய்த வேலை என்று நம்பித்தான் மதிப்பெண் போடுகிறார். ஒரே எழுத்துக்கு இரண்டு முறை மதிப்பெண் வாங்குவதுதான் இங்கே பிரச்சினை. பல பல்கலைக்கழக விதிகளில் இது தனியாகவே இருக்கும். வளவன், முதலில் துறைக் கையேட்டைப் பாருங்கள், அப்புறம் வழிகாட்டியிடம் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் பின்னால் அவருக்கே நினைவிருக்காது.

தேன்மொழி: மேற்கோள் குறி போட்டு, பெயரும் ஆண்டும் கொடுத்துவிட்டால் போதுமே, எதற்கு அனுமதியெல்லாம்?

மங்கை: பாதி சரி. இரண்டு வரி என்றால் அப்படிச் செய்யலாம். 2000 வார்த்தையையும் மேற்கோளுக்குள் போட்டால், இந்த அத்தியாயத்தில் புதிதாக எதுவும் எழுதவில்லை என்று நீங்களே சொன்னதாகிவிடும். வழிகாட்டி சம்மதித்தால் அத்தியாயத் தொடக்கத்திலேயே வெளிப்படையாக எழுதலாம்: ‘இவ்வத்தியாயத்தின் 2.1, 2.2 பகுதிகள் இன்ன பாடத்துக்காக நான் 2023-இல் சமர்ப்பித்த கட்டுரையிலிருந்து திருத்தி எடுக்கப்பட்டவை, 2.3 முதல் புதியவை.’ எது பழையது, எது புதியது என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும். அத்தியாயத்துக்குள் மற்றவர்களைக் காட்டுவது போலவே உங்கள் பெயரும் ஆண்டும் வர வேண்டும். துணைநூல் பட்டியலில் தலைப்புக்குப் பின் ‘வெளியிடப்படாத கட்டுரை’, அடுத்து துறை, பல்கலைக்கழகம். ஏபிஏ மேற்கோள் முறையில் ஏறக்குறைய இப்படித்தான் வரும்.

இன்னொன்று. பழைய அசைன்மென்ட், எழுத்து ஒப்புமையைப் பிடிக்கும் டர்னிடின் மென்பொருளில் ஏறி அங்கே சேமிக்கப்பட்டிருந்தால், ஆய்வேட்டின் அறிக்கையில் அந்தப் பகுதி முழுக்க நிறம் பூசி நிற்கும். பொருந்தியது உங்கள் எழுத்தா வேறு மாணவருடையதா என்பது அந்தச் சதவீதத்தில் தெரியாது. முன்பே சொல்லியிருந்தால் ஆசிரியர் அந்த மூலத்தைக் கணக்கிலிருந்து விலக்கிப் பார்க்கலாம், சொல்லாவிட்டால் விசாரணையில்தான் சொல்ல வேண்டிவரும்.

கதிர்: எனக்கும் இதே பிரச்சினை! மாநாட்டுக் கட்டுரையை விரித்து இதழுக்கு அனுப்பினேன், ஒரே வாரத்தில் திருப்பிவிட்டார்கள். இத்தனைக்கும் பழைய கட்டுரையைப் பட்டியலில் சேர்த்துத்தான் இருந்தேன்.

மங்கை: உங்களுடையது வேறு கதை, கதிர். மாநாட்டிலிருந்து இதழுக்குப் போவது பல துறைகளில் சாதாரணம்தான். ஆனால் நாற்பது பெயருக்கு நடுவே பழைய கட்டுரையை ஒளித்துவைத்தால் போதாது. பதிப்பாசிரியருக்கான கடிதத்திலும் முன்னுரையிலும் என்ன கூடுதல் என்று சொல்லியிருக்க வேண்டும்: புதிய தரவா, புதிய நிரூபணமா, வெறும் நீளமா. பதிப்புரிமையை மாநாட்டுப் பதிப்பகத்துக்கு எழுதிக்கொடுத்திருந்தால் படங்களை மறுபடி போட அவர்கள் அனுமதியும் தேவைப்படலாம். எழுதியவர் நீங்கள்தான், உரிமை இப்போது உங்களிடம் இல்லை.

கதிர்: ஆனால் மதிப்பாய்வாளருக்குப் பெயர் தெரியக்கூடாது என்றார்களே? அதனால்தான் அடக்கி வாசித்தேன்.

மங்கை: ‘எங்கள் முந்தைய கட்டுரையில்’ என்று எழுதாமல், வேறு யாரோ எழுதியது போலப் படர்க்கையில் சொல்லலாம். சில இதழ்கள் பெயரை மறைத்து அனுப்பச் சொல்லும், அதன் விதியைப் பாருங்கள். கடிதம் பதிப்பாசிரியருக்கு மட்டும், அதில் முழுதாகச் சொல்லலாம்.

குறும்பன்: இவ்வளவு சடங்கு எதற்கு? இரண்டு முறை வந்தால் யாருக்கு நஷ்டம்?

மங்கை: தரவு என்றால் நஷ்டம் உண்டு. 1997-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் டிராமேர் குழுவினர் காட்டினார்கள்: வாந்தியைத் தடுக்கும் ஒண்டான்செட்ரான் பற்றிய சோதனைகளில் ஒரே நோயாளிகளின் தரவு வெவ்வேறு கட்டுரைகளில் திரும்ப வந்திருந்தது. தெரியாமல் அதையெல்லாம் சேர்த்துக் கூட்டினால் மருந்தின் திறன் 23 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது.

குறும்பன்: சரி, தரவு விஷயம் ஒப்புக்கொள்கிறேன். செய்முறைப் பகுதி? அதே கருவி, அதே கரைசல். வார்த்தையை மாற்றிப்போட்டால் அர்த்தம்தான் கெடும்.

மங்கை: அங்கே உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வெளிப்படையாகச் சுட்டிவிட்டால் செய்முறை வரிகள் ஓரளவு திரும்ப வருவதைப் பல பதிப்பாசிரியர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். முடிவுகளும் விவாதமும் திரும்ப வந்தால் விடமாட்டார்கள்.

தேன்மொழி: ‘ஓரளவு’ என்றால் எவ்வளவு? எங்கள் துறையில் ஒரு வரி ஒத்தாலும் திருப்பி எழுதச் சொல்கிறார்கள்.

மங்கை: எல்லோரும் ஒப்பும் எண் கிடையாது. சண்டையே அதில்தான்.

வளவன்: வழிகாட்டிக்கு மின்னஞ்சல் போட்டுவிட்டேன், பழைய கட்டுரையையும் இணைத்து. ஒரு சந்தேகம்: அது குழு அசைன்மென்ட், ஒரு பகுதியை என் வகுப்புத் தோழி எழுதினார்.

மங்கை: இதை முதலிலேயே சொல்லக் கூடாதா! அவர் எழுதிய பகுதிக்கு ‘நானே எழுதியது’ என்ற பேச்சே எடுபடாது. அதை எடுத்துவிட்டு நீங்களே புதிதாக எழுதுங்கள். உங்கள் பகுதியைச் சுட்டும்போதும் ஆசிரியர்களாக இருவர் பெயரும் வர வேண்டும். வழிகாட்டிக்கு இன்னொரு மின்னஞ்சல் போடுங்கள், இன்றே.